ஆறு மாதமா, 182 நாளா? எஃப்.டி. முதிர்வுத் திகதியைக் கணக்கிடுவது

கொழும்பில் நிலையான வைப்பு தொடங்கப் போனால், ஒரு வங்கியில் "ஆறு மாதம்" என்பார்கள், இன்னொன்றில் 182 நாள் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டால் பணம் கைக்கு வரும் நாள் தவறிப்போகலாம்.

மாதக் கணக்கில் நாட்களை எண்ணுவதில்லை. வைப்பிட்ட திகதியின் எண் எதுவோ அதே எண்ணை முடிவு மாதத்தில் பார்க்க வேண்டும். அந்த எண் அந்த மாதத்தில் இல்லாவிட்டால் மாதத்தின் கடைசி நாள். நாள் கணக்கில், வைப்பிட்ட நாளை விட்டுவிட்டு மறுநாளை 1 என்று எண்ணத் தொடங்க வேண்டும். அன்றையும் சேர்த்து எண்ணினால் விடை ஒரு நாள் குறைந்துவிடும். பெரும்பாலும் தவறு இங்கேதான் நடக்கிறது.

2025 ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை போட்ட வைப்பைப் பாருங்கள். ஆறு மாதம் என்றால் பெப்ரவரி 29 வர வேண்டும். 2026இல் அது இல்லை, ஆகவே பெப்ரவரி 28, சனிக்கிழமை. 182 நாள் என்றால் ஆகஸ்டில் மிச்சம் 2, செப்டெம்பர் 30, ஒக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31. இதுவரை 155. மீதி 27ஐ பெப்ரவரியில் எண்ணினால் 27ஆம் திகதி, வெள்ளிக்கிழமை.

ஒரு நாள் வித்தியாசம்தானே என்று விடக்கூடாது. வெள்ளிக்கிழமை கிளை திறந்திருக்கும், அன்றே காசை எடுக்கலாம். சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள், மார்ச் 2, மெதின் போயா. ஆக, மாதக் கணக்குக்காரர் செவ்வாய் வரை காத்திருக்க வேண்டும். செவ்வாய் போகும்போது வைப்பு தானாகவே புதுப்பிக்கப்பட்டிருந்தால், அதை இடையில் உடைக்க வேண்டிவரும், வட்டியும் குறையும். பாடசாலைக் கட்டணத்துக்கோ வீட்டு வாடகைக்கோ வைத்த பணமென்றால், புதுப்பிக்க வேண்டாம் என்ற அறிவுறுத்தலை வைப்புத் தொடங்கும்போதே படிவத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

எக்செலில் சரிபார்க்க, A1 கட்டத்தில் வைப்பிட்ட திகதியைப் போட்டு:

```
=EDATE(A1,6)
=A1+182
```

முதலாவது மாதக் கணக்கு. மாதக் கடைசியை அதுவே பார்த்துக்கொள்ளும். விடை ஐந்து இலக்க எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம், கட்டத்தைத் திகதி வடிவத்துக்கு மாற்றினால் போதும்.

புதுப்பித்தலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெப்ரவரி 28இலிருந்து மீண்டும் ஆறு மாதம் எண்ணினால் ஆகஸ்ட் 28தான் வரும், பழைய 29 திரும்பாது. வங்கியின் கணினி முதல் திகதியை வைத்து எண்ணுகிறதா, புதுப்பித்த திகதியை வைத்து எண்ணுகிறதா என்பது புதுப்பித்தல் அறிவித்தலில் அச்சாகியிருக்கும் திகதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உங்கள் கணக்கும் சான்றிதழும் வேறுபட்டால், கவுன்டரை விட்டு நகருமுன் கேட்டுவிடுங்கள்.