ஊறுகாய் பாட்டிலைத் தராசில் வைத்த நாள்

என் தந்தைக்கு இதயம் பலவீனமாகி, சிறுநீரகச் செயல்பாடும் குறைந்திருப்பதாகத் தெரிந்தபோது, ஒரு நாளைக்கு எல்லா உணவிலுமாகச் சேர்த்து 5 கிராம் உப்புக்கு மேல் போகக்கூடாது, அதாவது சோடியம் 2000 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். அன்றே அம்மா சாம்பாரிலும் பொரியலிலும் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டார். அப்படியும் கணுக்காலில் விரலால் அழுத்தினால் விழும் குழி மறையவில்லை. காலை எடையும் நான்கே நாட்களில் 2 கிலோ ஏறியிருந்தது. இவ்வளவு வேகமாக ஏறுவது சதையன்று, உடலில் தேங்கும் நீர் என்பதால், மறுநாளே மருத்துவமனைக்குச் சென்றோம்.

மருந்தின் அளவை மாற்றிய பிறகு எங்களை உணவியல் நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர் சமையல் உப்பைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்பவை என்னென்ன என்று கேட்டுவிட்டு, அவற்றை எடை போட்டு எழுதி வரச் சொன்னார். குழம்பில் உப்புக் குறைந்ததை ஈடுகட்ட அப்பா ஊறுகாயைக் கூட்டியிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

கடையில் வாங்கிய எலுமிச்சை ஊறுகாயின் பாட்டிலில் 100 கிராமுக்குச் சோடியம் 4800 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தது. அப்பா மதியம் ஒரு கரண்டி, இரவு தயிர்ச்சோற்றுக்கு ஒரு கரண்டி எடுப்பார். ஒவ்வொன்றும் தராசில் 10 கிராம் காட்டியது. ஆக 20 கிராம் ஊறுகாயில் 960 மில்லிகிராம். அப்பளப் பொட்டலத்தில் 100 கிராமுக்கு 2000 என்றிருந்தது. ஓர் அப்பளம் 8 கிராம்; நாளுக்கு மூன்று என்றால் 480 மில்லிகிராம். இரண்டும் சேர்ந்து 1440 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 3.6 கிராம் உப்பு. மூன்று வேளை உணவுக்கும் மிஞ்சியது வெறும் 560 மில்லிகிராம். அம்மா குழம்பில் எவ்வளவு கிள்ளிப் போட்டாலும் கணக்கு நேராகாது.

அப்பளம் நாக்கில் அவ்வளவு உப்பாகத் தெரிவதில்லையே என்று நான் கேட்டேன். மாவில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம் கலந்த காரப்பொருள்தான், ஆனால் அது உப்புச்சுவை தருவதில்லை என்றார் நிபுணர். எண்ணெயில் பொரிக்காமல் தணலில் சுட்டுத் தருவதைப் பெரிய தியாகமாக நினைத்திருந்தோம். அதனால் எண்ணெய் குறையுமே தவிர, சோடியம் ஒரு துளியும் குறையாது.

வீட்டு மாவடுவுக்கு லேபிள் கிடையாது. அம்மா 1 கிலோ வடுவுக்கு 150 கிராம் கல்லுப்புப் போடுவார். உப்பு வடுவிலும் அது விட்ட நீரிலும் பரவிவிடுவதால், 10 கிராமில் சுமார் 1.3 கிராம் உப்பு, அதாவது 500 மில்லிகிராமுக்குக் குறையாத சோடியம் இருக்கும் என்று நிபுணர் கணக்குப் போட்டார். வடுவை மட்டும் கடித்துவிட்டு நிறுத்தினால் பரவாயில்லை. அப்பா அந்தத் தண்ணீரைத் தயிர்ச்சோற்றில் ஊற்றிப் பிசைகிறவர்.

இடையில் உறவினர் ஒருவர் அன்போடு இரண்டு பொட்டலங்கள் வாங்கி வந்தார். ஒன்று இந்துப்பு, பெயர் வேறானாலும் அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். மற்றொன்று சோடியம் குறைத்த உப்பு. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருந்தார்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் சில இதய மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் அது இரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பையே குலைக்கக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது என்று நிபுணர் அழுத்தமாகச் சொன்னார். நல்லவேளையாக அந்தப் பொட்டலத்தை நாங்கள் பிரித்திருக்கவில்லை.

பிறகு முறையை மாற்றினோம். பாட்டில் சாப்பாட்டு மேசையிலிருந்து அலமாரிக்குப் போனது. ஊறுகாய்க்குப் பதிலாக, இஞ்சியும் கொஞ்சம் மாங்காயும் துருவி, மிளகாய்த்தூள், கடுகு, பெருங்காயம் தாளித்து, உப்பில்லாமல் அம்மா செய்து வைத்தார். காக்கும் உப்பு இல்லாததால் அது குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் நிற்காது. கொஞ்சமாகச் செய்ய வேண்டும். பொட்டாசியம் ஏற்கெனவே உயர்ந்திருப்பவர்கள் மாங்காயின் அளவையும் கேட்டுக்கொள்வது நல்லது. மொறுமொறுப்புக்குப் பொரி தரலாம் என்று நினைத்தேன். பொரி செய்வதற்கு முன் அரிசியில் உப்பு நீர் பிசறும் வழக்கம் உண்டு என்று தெரிந்ததும், வெறும் அவலை எண்ணெயில்லாமல் வறுத்துக் கொடுத்தோம்.

முதல் பத்து நாட்கள் அப்பா தட்டைத் தள்ளிவைத்தார், சண்டையும் போட்டார். மூன்றாவது வாரத்தில் கல்யாண வீட்டு ரசத்தைக் குடித்துவிட்டு, "கடல் தண்ணியாட்டம் இருக்குடா" என்றார். இப்போது ஞாயிறு மதியம் மட்டும் ஓர் அப்பளம் உண்டு. அன்றைக்குச் சாம்பாரில் உப்புச் சேர்ப்பதில்லை. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுமுன், ஒரே தராசில் ஏறி நின்று அவரே எடையை நாட்காட்டியில் எழுதுகிறார்.