குழந்தைகள் புள்ளியிலிருந்து தொங்குகின்றன

பழைய வண்ணாரப்பேட்டையில் டிடிபி வேலையும் ஃப்ளெக்ஸ் டிசைனும் செய்யும் கடையில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் கை தானாகச் செய்யும். வம்சாவளி வரைபடம் அப்படி இல்லை. போன வருஷம் ராயபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நான் செய்த வேலையில்தான் அதை எப்படிப் போட வேண்டும் என்று உண்மையிலேயே கற்றுக்கொண்டேன்.

வந்தவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எண்பதாம் கல்யாணம். மண்டபத்தில் மாட்ட 12 அடி அகலத்தில் குடும்ப மரம் வேண்டும் என்றார். கையில் ஒரு நீளக் கணக்கு நோட்டு, அதில் ஆறு தலைமுறை, 186 பேர். அடுத்தவர் வீட்டுப் பெயர்களை நான் இங்கே எழுதுவது முறையில்லை. வரைபடத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்திருந்தேன், அந்த எண்களாலேயே சொல்கிறேன்.

எண் கொடுப்பதே முதல் வேலை. நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் இந்தக் குடும்பத்தில் ஐந்து பேருக்கு இருந்தது. நோட்டில் "அவர் மகன்" என்று எழுதியிருந்தால் எவர் மகன் என்று தெரியாது. எண் போட்டு, பெயருக்கு முன்னால் இனிஷியலையும் எழுதிக்கொண்ட பிறகுதான் தலைகால் புரிந்தது.

முதல் வரைவை வழக்கம்போலப் போட்டேன். அப்பா பெட்டி, பக்கத்தில் அம்மா பெட்டி, அப்பா பெட்டியின் அடியிலிருந்து ஒரு கோடு, அதிலிருந்து பிள்ளைகள். இரண்டாம் தலைமுறையில் 4-ஆம் எண்காரர், அதாவது வந்தவரின் அப்பா, அங்கேதான் இடறியது. அவருடைய மூத்த தாரம் 5. அந்த அம்மா 1939-ல் இறந்துவிட, மறு வருஷமே அவருடைய சொந்தத் தங்கையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். அந்த அம்மா 6. மூத்த தாரத்துக்கு 13, 14 என்று இரண்டு பிள்ளைகள். இளைய தாரத்துக்கு 15, 16, 17. வந்தவர்தான் 16. நான் ஐந்து பேரையும் 4-க்குக் கீழே வரிசையாகத் தொங்கவிட்டிருந்தேன்.

வரைவைப் பார்க்க அவருடைய அக்காவும் (15) வந்திருந்தார். வீட்டில் எல்லாருக்கும் ஆயா. பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இதுல எங்க பெரியம்மா பெத்தது யாரு, எங்கம்மா பெத்தது யாரு?"

படம் அதைச் சொல்லவில்லை. வழக்கமாக மற்ற இடங்களில் தப்பைக் காட்டிக்கொடுப்பது இனிஷியல்தான். ஆனால் இங்கே அப்பா ஒருவரே, ஐந்து பேருக்கும் ஒரே இனிஷியல். அதனால் என் கண்ணிலும் படவில்லை.

அன்று ராத்திரி தரையில் சார்ட் பேப்பரை விரித்து, பெயர்களைத் துண்டுச் சீட்டில் வெட்டி வைத்து, கோட்டுக்குத் தையல் நூலைப் போட்டுப் பார்த்தேன். மவுஸைவிட இது வேகம், தப்பானால் நூலை எடுத்துவிடலாம். அப்போதுதான் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் ஒரு கடுகு அளவு கறுப்புப் புள்ளி வைக்கத் தோன்றியது. அந்தப் புள்ளிதான் கல்யாணம். பிள்ளைகள் ஆளிடமிருந்து தொங்கக் கூடாது, அந்தப் புள்ளியிலிருந்து தொங்க வேண்டும். 4-ஐ நடுவில் வைத்து, இடப்பக்கம் ஒரு புள்ளி, அதையடுத்து 5. வலப்பக்கம் ஒரு புள்ளி, அதையடுத்து 6. இடது புள்ளிக்குக் கீழே இரண்டு பேர், வலது புள்ளிக்குக் கீழே மூன்று பேர். ஆயா கேட்ட கேள்விக்குப் பதில் படத்திலேயே வந்துவிட்டது. பிற்பாடு தெரிந்துகொண்டேன், வம்சாவளி மென்பொருள்கள் பரிமாறிக்கொள்ளும் GEDCOM கோப்பிலும் இதே ஏற்பாடுதான்: ஆளுக்கு ஒரு INDI பதிவு, ஜோடிக்குத் தனியாக ஒரு FAM பதிவு. இரண்டு தடவை கல்யாணம் ஆனவர் இரண்டு FAM பதிவில் வருவார், பிள்ளை தன் அப்பா அம்மாவின் FAM பதிவில் வரும்.

அக்காவும் தங்கையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று காட்ட 5-க்கும் 6-க்கும் மேலே ஒரு மெல்லிய கோடு வளைத்தேன். 4-ஐ அவருடைய பெற்றோருடன் சேர்க்கும் கோடு அதைக் குறுக்கே வெட்டத்தான் செய்யும். 4 நடுவில் இருக்கும்வரை எப்படி மாற்றிப் போட்டாலும் அந்த ஒரு வெட்டு போகவில்லை. சர்க்யூட் படத்தில் கம்பி கம்பியைத் தொடாமல் தாண்டுவதைக் காட்டச் சின்ன அரைவட்டம் போடுவார்களே, அதை அங்கே போட்டேன். வெட்டே இல்லாமல் வரைய முடியாத இடம் உண்டு. அங்கே கோடுகள் சேரவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அடுத்து வந்தது. கடைக்குட்டி 17 கட்டியது அக்கா மகளை. மூத்த தாரத்து மகள் 13 இருக்கிறாரே, அவருடைய மகள் 38. இளைய தாரம் வயதில் சின்னவர் என்பதால் 17-க்கும் 38-க்கும் இரண்டே வயதுதான் வித்தியாசம். நம் வழக்கத்தில் முறைதான், ஒரு தப்பும் இல்லை. ஆனால் படத்தில் 17 இருப்பது மூன்றாம் வரிசை, 38 இருப்பது நான்காம் வரிசை. அவர்களுடைய பிள்ளைகள் 95, 96 அப்பா வழியில் எண்ணினால் நான்காம் தலைமுறை, அம்மா வழியில் எண்ணினால் ஐந்தாம் தலைமுறை. ஆயாவை அந்தப் பிள்ளைகள் அத்தை என்றும் கூப்பிடலாம், சின்னப்பாட்டி என்றும் கூப்பிடலாம். அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பிள்ளை எப்போதும் இரண்டு பெற்றோருக்கும் கீழேதான் வர வேண்டும். அதனால் 95-ம் 96-ம் ஐந்தாம் வரிசைக்குத்தான் போக வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஜோடி பக்கத்துப் பக்கத்தில் நிற்கட்டும் என்று நான் 17-ஐ நான்காம் வரிசைக்கு, 38-க்குப் பக்கத்தில் இறக்கினேன். பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என் தம்பிய எதுக்கும்மா ஒரு படி கீழ எறக்கின? அவன் எங்க கூடப் பொறந்தவன்."

அவர் சொன்னது நியாயம். அந்தப் படத்தைப் பார்க்கும் சின்னப் பிள்ளை 17-ஐ 16-க்கு மகன் முறை என்றுதான் நினைக்கும். சரி, 38-ஐ மேலே தூக்கலாமா என்றால் அவர் தன் அம்மாவுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்பார், அது இன்னும் மோசம். 17-ஐ இரண்டு இடத்தில் போட்டு, இரண்டாவது பெட்டியில் "மேலே 17 பார்க்க" என்று எழுதுவது ஒரு வழி. பெரிய வரைபடங்களில் அப்படிச் செய்வார்கள், தூரத்தில் இருக்கும் இரண்டு கிளைகள் சம்பந்தம் செய்துகொண்டால் எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனால் இவர்கள் ஒரே வீட்டு ஆட்கள், பெட்டிகள் ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன.

நூலை நகர்த்திக்கொண்டே இருந்தபோது வழி தெரிந்தது. ஆளை இறக்க வேண்டியதில்லை, புள்ளியை இறக்கினால் போதும். 17 தன் அண்ணன் அக்காவோடு மூன்றாம் வரிசையிலேயே இருப்பார். அவரிடமிருந்து கோடு நேராகக் கீழே இறங்கி நான்காம் வரிசை உயரத்தில் ஒரு புள்ளியில் நிற்கும். 38-இடமிருந்து கோடு பக்கவாட்டில் வந்து அதே புள்ளியைச் சேரும். 95-ம் 96-ம் அங்கிருந்து தொங்கும்.

கோடுகள் வெட்டிக்கொள்ளாமல் இருக்க 13-ம் 17-ம் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். மூத்தது இடது, இளையது வலது என்று போட்டால் நடுவில் 14, 15, 16 மூவரும் அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு நிற்பார்கள். அதனால் இரண்டு புள்ளியின் வரிசையையும் திருப்பினேன்: இடது புள்ளிக்குக் கீழே 14, 13. வலது புள்ளிக்குக் கீழே 17, 16, 15. வயது வரிசை போய்விட்டதே என்று யாரும் வருத்தப்படக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் அந்தத் தாய்க்கு எத்தனையாவது பிள்ளை என்று சின்ன எழுத்தில் போட்டேன். இங்கே ஒரு வெட்டும் வரவில்லை. உறவுக்குள் நடந்த கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு போட்டேன். மருத்துவத்தில் பரம்பரைப் படம் போடும்போது அப்படித்தான் காட்டுவார்கள், ஒரு மாணவிக்கு டைப் செய்து கொடுத்தபோது பார்த்தது. முழுப் படத்தில் நான்கு இரட்டைக் கோடு வந்தது.

நான்காம் வரிசையில் 52 ஒரு மறுமணம். முதல் கணவர் விபத்தில் தவறிவிட, ஒரு பையனோடு மறுபடி கட்டிக்கொண்டவர். நோட்டில் பையனை இரண்டாவது கணவருக்குக் கீழே எழுதியிருந்தார்கள், நானும் அப்படியே போட்டிருந்தேன். புள்ளிக்குப் புள்ளி இனிஷியலைச் சரிபார்த்தபோது பையனுடைய எழுத்து அந்தக் கணவரின் பெயரோடு ஒட்டவில்லை. பெரியவருக்குப் போன் செய்து கேட்ட பிறகு முதல் புள்ளிக்கு மாற்றினேன். வளர்த்த அப்பாவையும் விட்டுவிட மனமில்லை. அவர் பெட்டியிலிருந்து பையனுக்கு ஒரு புள்ளிக்கோடு போடட்டுமா என்று அந்த அம்மாவிடமே கேட்கச் சொன்னேன். போடச் சொன்னார்கள்.

அகலம் கடைசியாகத்தான் இடித்தது. ஐந்தாம் வரிசையில் 81 பெட்டி. ஒரு பெட்டி 4 செ.மீ., பெட்டிக்கு அரை செ.மீ. இடைவெளி என்றால் 364.5 செ.மீ. 12 அடி என்பது 365.76 செ.மீ. உள்ளே அடங்கும், ஆனால் ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லை, எந்தப் பிள்ளை எந்த வீடு என்று கண் பிரித்துப் பார்க்காது. அந்த 81-ல் 34 பேர் கட்டிக்கொண்டு வந்த மருமகளும் மருமகனும். கீழ் இரண்டு வரிசையில் மட்டும், ஒரே கல்யாணம் ஆனவர்களுக்குக் கணவன் மனைவி இருவரையும் ஒரே பெட்டியில் மேலும் கீழுமாக எழுதினேன். ஐந்தாம் வரிசையில் மறுமணம் யாருக்கும் இல்லாததால் 47 பெட்டி ஆயிற்று, 211.5 செ.மீ. மிச்ச இடத்தைக் குடும்பங்களுக்கு நடுவில் பிரித்துக் கொடுத்தேன். எழுத்தை அசல் அளவிலேயே ஏ4 தாளில் அச்சிட்டுக் கடைச் சுவரில் ஒட்டி, மூன்றடி தள்ளி நின்று படித்துப் பார்த்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்தால் மண்டபத்தில் ஏமாந்துவிடுவோம்.

அச்சுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் ஆயா பேத்தியோடு மறுபடி வந்தார். 5-க்குக் கீழே இருந்த இரண்டு பெட்டியையும் விரலால் தொட்டார்.

"நடுவுல ஒண்ணு இருந்துது. பெரியக்காவுக்கு அப்புறம், அண்ணனுக்கு முன்ன. பேரு வைக்கறதுக்குள்ள போயிடுச்சு. எங்கம்மா சொல்லுவாங்க, அக்கா அத நெனச்சிக்கினே இருந்துதுன்னு."

பெயரில்லாத பெட்டி ஒன்று வரைந்து 13-க்கும் 14-க்கும் நடுவில் வைத்தேன். மற்ற எண்களைக் கலைக்காமல் 13-அ என்று போட்டேன். இடது புள்ளியிலிருந்து ஒரு கோடு இழுத்தேன். 14-ஐ மட்டும் ஒரு பெட்டி அகலம் இடப்பக்கம் நகர்த்தி, அவருடைய பெட்டி மூலையில் இருந்த 2-ஐ 3 ஆக்கினேன்.