துடைத்தும் போகாத வெள்ளை

பேறுகாலம் முடிந்து தேவகோட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். மகளுக்கு 5 வாரம். நாக்கெல்லாம் வெள்ளையாக இருந்தது. "பால் படிஞ்சிருக்கு ஆத்தா, வெந்நீர்ல துணிய நனைச்சுத் துடை" என்றார் ஆயா. துடைத்தேன், போகவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் கொட்டாவி விட்டபோதுதான் கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தேன். தயிர்த் துணுக்குகள் ஒட்டியதுபோல இருந்தது. பால் என்றால் நாக்கோடு நின்றுவிடும், லேசாகத் துடைத்தாலே வந்துவிடும். எனக்கு அது தெரியாது. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். அந்த இடம் சிவந்து ரத்தம் கசிய, பிள்ளை வீறிட்டாள். இன்னும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

"இது அக்கரம்" என்று சொல்லி ஆயா தேன் தடவச் சொன்னார். அம்மா விடவில்லை. ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதிலிருக்கும் கிருமி குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கிவிடலாம்.

காரைக்குடியில் குழந்தை மருத்துவரிடம் போனோம். கேண்டிடா என்ற பூஞ்சை என்றார். வாயில் சாதாரணமாகவே இருப்பதுதானாம். சிசேரியனுக்குப் பிறகு நான் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், அதை அடக்கி வைத்திருந்த நல்ல பாக்டீரியாவையும் அழித்திருக்கலாம். க்ளோட்ரிமசோல் சொட்டு மருந்து தந்தார். பால் கொடுத்த பிறகு, தினம் 4 வேளை, கன்னத்திலும் நாக்கிலும் தடவ வேண்டும். பால் கொடுக்கும் முன் தடவினால் மருந்து பாலோடு வயிற்றுக்குப் போய்விடும்.

நாலு நாளில் வெள்ளை மறைந்தது. நிறுத்திவிட்டேன். அடுத்த வாரமே திரும்பி வந்தது.

இதற்கிடையில் எனக்கும் பால் கொடுத்து முடித்தபின் காம்பில் ஊசி குத்துவதுபோல எரிச்சல் இருந்தது. தோல் பளபளவென்று சிவந்திருந்தது. பிள்ளை சரியாகப் பிடிக்காததால் வரும் வலி என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது முறை போனபோது மருத்துவர் முதலில் என்னைத்தான் விசாரித்தார். அவள் வாயிலிருந்து எனக்கும், என்னிடமிருந்து அவளுக்கும் மாறி மாறி ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் மருந்து போட்டு என்ன பயன்?

இந்தத் தடவை இருவருக்கும் ஒரே நாளில் தொடங்கினோம். ஒவ்வொரு முறை பால் கொடுத்தபின் நான் களிம்பு தடவினேன், அடுத்த முறைக்கு முன் மிச்சத்தைத் துடைத்தெடுத்தேன். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. மருந்து புகட்டும் வெள்ளிச் சங்கைத் தினமும் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தது அம்மாவின் வேலை. வெள்ளை போன பிறகும் 2 நாள் விடாமல் தடவினோம்.

ஒரு வாரத்தில் குறையாவிட்டாலும், பால் குடிக்க மறுத்தாலும், காய்ச்சல் வந்தாலும் உடனே வரச் சொல்லியிருந்தார். தொடை இடுக்கில் சிவப்புத் தடிப்பு வருகிறதா என்றும் பார்க்கச் சொன்னார். அங்கும் இதே பூஞ்சை வருமாம். வரவில்லை. ஆறாம் நாள் ஆயாவே டார்ச் அடித்து இரண்டு கன்னத்தையும் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு ஆத்தா" என்றார்.