மூன்று வரியாகப் பிரிந்த வெண்கலப் பானை

எங்கள் பங்கு வீட்டுச் சாமான்களுக்கு 1974-இல் அச்சடித்த பட்டியல் ஒன்று இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளில் இப்படி ஒன்று வைத்திருப்பார்கள். எண், சாமான் விவரம், எண்ணிக்கை, இருக்கும் இடம் என்று நான்கு பத்தி, 44 பக்கம். பங்காளிகள் எல்லாரும் தேடிப் பார்க்கிற மாதிரி அதைக் கணினி அட்டவணையாக்கித் தரச் சொல்லி அப்பச்சி கேட்டார். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருளில் படிக்க வைத்தேன். எழுத்துப் பிழைகள் நான் பயந்த அளவுக்கு இல்லை. கையைக் கடித்தது வேறொன்று.

விவரப் பத்தி குறுகலானது. நீளமான விவரம் இரண்டு மூன்று வரியாக மடிந்து வரும். பத்திகளுக்கு நடுவே செங்குத்துக் கோடு உண்டு, சாமானுக்குச் சாமான் குறுக்குக் கோடு கிடையாது. அதனால் எங்கே ஒரு சாமான் முடிந்தது என்று மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை. அச்சில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் அட்டவணையில் ஒரு தனி வரிசையாக்கிவிட்டது.

முதலில் எல்லாருக்கும் தோன்றுவதைத்தான் செய்தேன். எண் பத்தியில் எண் இருந்தால் புதுச் சாமான், காலியாக இருந்தால் மேல் வரியின் தொடர்ச்சி. முதல் எட்டுப் பக்கம் அழகாக வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் 46-ஆம் சாமான் இப்படி வந்து நின்றது: ‘குத்துவிளக்கு, ஜோடி வெண்கலப் பானை, மூடியுடன்,’. 47-இல் பானையே இல்லை, ‘வாய் ஓரம் நெளிந்தது, இரண்டாம் கட்டில்’ என்று மட்டும் இருந்தது. பங்காளிகள் நடுவே போகிற பட்டியலில் ஒரு வெண்கலப் பானை இப்படிக் காணாமல் போனால் அது சின்ன விஷயம் இல்லை.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் பக்கத்திலிருந்து அச்சுக் கோத்தவர் எண்ணை விவரத்தின் முதல் வரியில் வைக்காமல், மூன்று வரிக்கும் நடுவில் வைத்திருக்கிறார். அதாவது எண்ணுக்கு மேலேயும் ஒரு வரி அதே சாமானைச் சேர்ந்தது. அந்த இடத்தில் என் விதி தவறிப்போகிறது.

சரி, எண்ணை விட்டுவிட்டு இடைவெளியைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். ஒரே சாமானின் வரிகள் நெருக்கமாக இருக்கும், அடுத்த சாமானுக்கு முன் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டிருப்பார்கள். இதற்கு வரியின் மேல் விளிம்பை அளந்தால் ஏமாந்து போவோம். தமிழில் புள்ளியும் ‘கி, கீ’ விசிறியும் மேலே ஏறும், ‘கு, பூ’ கீழே இறங்கும். வரியில் எந்த எழுத்து வந்தது என்பதைப் பொறுத்து விளிம்பு ஆடும். எழுத்துகள் உட்கார்ந்திருக்கும் அடிக்கோட்டைத்தான் அளக்க வேண்டும். டெசராக்ட் `hocr` வடிவில் தரும்போது ஒவ்வொரு வரிக்கும் `baseline` என்று அதையும் தருகிறது. செங்குத்துக் கோட்டை வைத்துப் பத்தி பத்தியாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாகப் படிக்க வைத்தேன்.

```
tesseract vivaram.png vivaram -l tam --psm 6 hocr
```

அந்தப் பக்கத்தில் விவரப் பத்தியின் அடிக்கோடுகள் 812, 878, 928, 978, 1044 பிக்சலில் இருந்தன. வித்தியாசம் 66, 50, 50, 66. சாமானுக்குள் 50, சாமான்களுக்கு நடுவே 66 என்பது பளிச்சென்று தெரிந்தது. நடுவில் 58-ஐ எல்லையாக வைத்தேன். கீழே `varigal` என்பது வரிகளின் pandas அட்டவணை, `adi` அதில் அடிக்கோட்டுப் பத்தி.

```python
idai = varigal["adi"].diff()
puthu = idai.isna() | (idai > 58)
varigal["kuzhu"] = puthu.cumsum()
```

878, 928, 978 மூன்றும் ஒரே குழுவுக்குள் வந்தன. 928-க்கு நேரே எண் பத்தியில் 47. பானை வீட்டுக்கு வந்துவிட்டது.

பத்திகளை வெட்டுவதற்கு முன் பக்கத்தை நேராக்கிவிட வேண்டும். 1500 பிக்சல் அகலத்தில் ஒரு டிகிரி சாய்ந்தாலே ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 26 பிக்சல் ஏற்ற இறக்கம் வரும். நம்மிடம் இருக்கும் வித்தியாசமே 16 தான். விவரம் சரியாகச் சேர்ந்தாலும் எண் பக்கத்துச் சாமானில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இடைவெளியும் எல்லாப் பக்கத்திலும் கைகொடுக்கவில்லை. சில பக்கங்களில் இடம் போதாமல் நெருக்கி அடித்திருக்கிறார்கள், 66 இருக்க வேண்டிய இடத்தில் 52 தான். அதைக் கண்டுபிடிக்க எண்ணையே காவலுக்கு வைத்தேன். ஒவ்வொரு குழுவிலும் சரியாக ஒரு எண் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டு சாமான் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். ஒன்றும் இல்லாவிட்டால் துண்டாகிவிட்டது, இல்லையென்றால் எண்ணைப் படிக்கத் தவறியது, அதுவும் இல்லையென்றால் ‘பித்தளை’, ‘மரச்சாமான்’ போன்ற தலைப்பு. 44 பக்கத்தில் ஆறு பக்கம் மாட்டியது, அவற்றைக் கையால் பிரித்தேன்.

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வந்தது. வரிகளைச் சேர்க்கும்போது நடுவே இடம் விடுவதா, வேண்டாமா? பழைய தமிழ் அச்சில் வரி முடிகிற இடத்தில் சொல்லை அப்படியே உடைத்துவிடுவார்கள், சிறுகோடுகூடப் போட மாட்டார்கள். எல்லா இடத்திலும் இடம் விட்டுச் சேர்த்தால் ‘பித்த ளை’, ‘கிண் ணம்’ என்று வரும். பித்தளை என்று தேடுகிறவருக்கு அந்தச் சாமான் கிடைக்காது. இடமே விடாமல் சேர்த்தால் ‘மூடியுடன்,வாய்’ என்று எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே நம் இலக்கணமே உதவிக்கு வந்தது. ள, ழ, ற, ன, ண இவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது. அடுத்த வரி இவற்றில் தொடங்கினால் சொல் உடைந்திருக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

```python
def ottu(a, b):
    if b[0] in "ளழறனண" or (a.split()[-1] + b.split()[0]) in sorkal:
        return a + b
    return a + " " + b
```

ட, ர, ல மூன்றையும் இந்த விதியில் சேர்க்கவில்லை. சுத்தத் தமிழில் அவையும் முதலில் வராதுதான், ஆனால் எங்கள் பட்டியலில் டபராவும் லாந்தரும் டிரங்குப் பெட்டியும் இருக்கின்றனவே.

`sorkal` என்பது அதே புத்தகத்தில் வரி நடுவே உடையாமல் வந்த சொற்களின் தொகுப்பு. ‘மர’ என்று ஒரு வரி முடிந்து ‘வை’ என்று அடுத்தது தொடங்கினால் முதலெழுத்து விதி எதுவும் சொல்லாது. மரவை வேறு பக்கத்தில் முழுசாக இருப்பதால் அது சேர்ந்துவிடுகிறது. ‘பாத்’, ‘திரம்’ இரண்டும் அப்படியே. ‘வெண்கலப்’ என்று முடிந்து ‘பானை’ என்று தொடங்கினால் அது உடைந்த சொல் இல்லை, சந்தி. தொகுப்பில் ‘வெண்கலப்பானை’ இல்லாததால் இடம் விட்டே சேர்ந்தது.

ஒரே இடத்தில் உடைந்து, வேறெங்கும் வராத சொற்கள் மட்டும் மிச்சம். 19 இருந்தன. அச்சுப் பக்கத்தைப் பெரிதாக்கி அப்பத்தாவிடம் காட்டினேன். ‘வேவுக் கட காம்’ என்று இருந்ததை எடுத்ததும், “கடகாம்டா, உங்க ஆயா வீட்டுல இருந்து வந்தது” என்றார். 19-ஐயும் முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பக்கம் மாறும் இடத்தில் பாதியாக நிற்கும் சாமான்கள் இன்னும் பாக்கி. அடுத்த பக்கத்தின் முதல் குழுவில் எண் இல்லாமல், தலைப்பும் இல்லாமல் இருந்தால் முந்தைய பக்கத்துக் கடைசிக் குழுவோடு சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் நடுவில் எண் வைத்த மூன்று வரிச் சாமானில் முதல் வரி மட்டும் முந்தைய பக்கத்தில் நின்றுபோனால், அங்கே எண் இல்லாத குழு கடைசியில் இருக்கும். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். 21, 22-ஆம் பக்கங்களில் அப்படி ஒரு பெட்டகம் இருக்கிறது, அதை வைத்துத்தான் அடுத்து செய்து பார்க்கப் போகிறேன்.