நான்கு ஏக்கர் நிலமும் சதுர அடிக் கணக்கும்

ஒரு நூற்பாலை நிறுவனம் தன் நிலத்தை ஆண்டு இறுதியில் மறுமதிப்பீடு செய்து, உயர்ந்த தொகையை இருப்புநிலைக் குறிப்பில் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலம் நான்கு ஏக்கர், நகர எல்லையை ஒட்டியது. மதிப்பீட்டாளரின் அறிக்கை 26.14 கோடி ரூபாய் என்கிறது. தணிக்கையாளர் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மதிப்பீட்டாளரை நியமித்தது நிர்வாகம். அதனால் இங்கே பொருந்துவது தணிக்கைத் தரநிலை எஸ்ஏ 500. நிர்வாகத்தின் நிபுணருடைய தகுதி, திறன், சார்பின்மை ஆகியவற்றை எடைபோட வேண்டும். அவர் செய்த வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். அது தணிக்கைச் சான்றாகப் பொருந்துமா என்று தீர்மானிக்க வேண்டும். பல கோப்புகளில் முதல் பகுதிக்கு மட்டும் நிறையத் தாள் இருக்கும். தவறு பெரும்பாலும் மூன்றாவதில்தான் ஒளிந்திருக்கிறது.

தகுதியைப் பார்ப்பது எளிது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களின் விவரம் இந்திய நொடிப்பு, திவால் வாரியமான ஐபிபிஐயின் தளத்தில் இருக்கிறது. நிலமும் கட்டடமும், ஆலையும் இயந்திரமும், பங்குகளும் நிதிச் சொத்துகளும் என மூன்று தனிப் பிரிவுகள் உண்டு. இயந்திரப் பிரிவில் பதிவு பெற்றவர் நிலத்துக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டிருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டியதுதான்.

சார்பின்மைக்கு நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, கட்டணம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று படிக்க வேண்டும். மதிப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறினால் அவருக்கு அந்த எண்ணிலேயே பங்கு இருக்கிறது. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 247-ஆம் பிரிவு, தனக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபாடு உள்ள சொத்தை ஒருவர் மதிப்பிடக் கூடாது என்கிறது. இதைவிடப் பயன் தரும் கேள்வி ஒன்று உண்டு: இறுதி அறிக்கைக்கு முன் எத்தனை வரைவுகள் போயின, அவற்றில் என்ன தொகை இருந்தது? இதை நிர்வாகத்திடம் மட்டும் கேட்டால் போதாது. மதிப்பீட்டாளரிடமே பேசிக் கேட்க வேண்டும். நிகர மதிப்பைக் கூட்டிக் காட்டி வங்கியின் கடன் நிபந்தனையைச் சமாளிக்க வேண்டிய ஆண்டு என்றால் இந்தக் கேள்வியை விடவே கூடாது.

இனி அந்த 26.14 கோடி எப்படி வந்தது என்று பார்ப்போம். நான்கு ஏக்கர் என்றால் 1,74,240 சதுர அடி. சதுர அடி 1,500 ரூபாய் என்று பெருக்கியிருக்கிறார். ஆதாரமாக இணைத்திருப்பவை பக்கத்து மனைப்பிரிவில் 2,400 சதுர அடி மனைகளுக்கான மூன்று கிரயப் பத்திரங்கள். பத்திரங்கள் உண்மையானவை, விலையும் உண்மை. ஆனால் அவை விற்றுக்கொண்டிருப்பது வேறு பொருள்: சாலை போட்டு, அனுமதி வாங்கி, அளந்து கல் நட்ட மனை. ஆலை நிலத்தை மொத்தமாக வாங்குகிறவர் அந்த விலை கொடுக்க மாட்டார்.

அவர் எப்படிக் கணக்குப் போடுவார் என்று நாமே போட்டுப் பார்க்கலாம். சாலைக்கும் பொதுத் திறந்தவெளிக்கும் விட்டது போக விற்கக்கூடியது 60 சதவீதம் என்று கொண்டால், 1,04,544 சதுர அடி. 1,500 வீதம் 15.68 கோடி. மேம்பாட்டுச் செலவு அந்தப் பரப்புக்குச் சதுர அடிக்கு 250 ரூபாய் என்றால் 2.61 கோடி கழிகிறது. மிஞ்சும் 13.07 கோடி உடனே கைக்கு வராது. சராசரியாக இரண்டு ஆண்டில், 12 சதவீதத் தள்ளுபடி வீதத்தில் இன்றைய மதிப்பு சுமார் 10.42 கோடி, ஏக்கருக்கு ஏறக்குறைய 2.6 கோடி. இந்த வீதங்கள் ஒவ்வொன்றையும் வாதாடி மாற்றலாம். விற்பரப்பை 65 சதவீதமாக்கினாலும், செலவைக் குறைத்தாலும் 26 கோடியை எட்ட முடியாது. பிழை வீதத்தில் இல்லை, ஒப்பிட எடுத்த சொத்தில் இருக்கிறது.

இதற்கு எதிர்வாதமாக வழிகாட்டி மதிப்பைக் காட்டுவார்கள். அது முத்திரைத் தீர்வைக்காக அரசு நிர்ணயிப்பது. சந்தை அதற்கு மேலும் இருக்கலாம், கீழும் இருக்கலாம். பத்திரத்தில் எழுதிய விலையும் பல இடங்களில் அந்த மதிப்பை ஒட்டியே எழுதப்படுவதால், இரண்டும் ஒத்துப்போவது தனிச் சான்று ஆகிவிடாது. அக்கம்பக்கத்தில் ஏக்கர் கணக்கில் கைமாறிய நிலம் ஒன்றிரண்டைத் தேடச் சொல்வதே சரி.

நிர்வாகம் கொடுத்த அடிப்படைத் தகவலைச் சரிபார்ப்பது நம் வேலை. ‘அளிக்கப்பட்ட ஆவணங்களைச் சரியென்று கொண்டோம்’ என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். ஆகவே பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம் மூன்றையும் எடுத்துப் பரப்பை ஒத்துப் பார்க்க வேண்டும். சாலை விரிவாக்கத்துக்கு எடுக்கப்பட்ட 30 சென்ட் இன்னும் பழைய பத்திரப் பரப்பிலேயே கிடக்கலாம். மதிப்பீட்டுத் தேதி இருப்புநிலைத் தேதியா, அறிக்கை வங்கிக் கடனுக்காக எழுதியதா என்பதும் அதே அமர்வில் தெரிந்துவிடும்.

கணக்கை முன்னால் வைத்துக் கேட்டால், பெரும் பரப்புக்கான கழிவைச் சேர்த்துத் திருத்த மதிப்பீட்டாளர் முன்வரலாம். மறுத்தால், எஸ்ஏ 620-இன்படி தணிக்கையாளர் தன் சார்பில் இன்னொரு நிபுணரை நியமிக்கலாம். அப்போதும் கருத்துக்கான பொறுப்பு தணிக்கையாளருடையதே. தொகை மிகையானது என்று உறுதியாகி, நிர்வாகமும் திருத்த மறுத்தால், அந்த வேறுபாடு கணக்குகளுக்கு முக்கியமானதாக இருக்கும்பட்சத்தில் அறிக்கையில் கருத்து எஸ்ஏ 705-இன்படி மாற்றி எழுதப்படும்.