பூனை நாற்காலியை விட்டு இறங்கக் கூடாது: ஒரு செய்முறைத் தேர்வு அனுபவம்

பட உருவாக்க வகுப்பின் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது ஒரு போட்டோ. இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் மர நாற்காலி, அதில் சுருண்டு படுத்திருக்கும் பழுப்புப் பூனை. இந்த அமைப்பு கலையாமல் படத்தைக் கறுப்பு வெள்ளை மரச்செதுக்கு அச்சு போல மாற்ற வேண்டும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பட உருவாக்க மாடலில், ஒரு படத்தைக் கொடுத்து அதிலிருந்து புதுப் படம் வாங்கும் img2img வழியாகச் செய்தேன்.

அதில் `strength` என்று ஒரு அளவு இருக்கிறது. போட்டோவின் மேல் எவ்வளவு இரைச்சலை, அதாவது தாறுமாறான புள்ளிகளை, தூவிவிட்டு வரையத் தொடங்குவது என்பதை அது சொல்கிறது. அந்த இரைச்சலைப் படிப்படியாக நீக்கித்தான் மாடல் படத்தை வரைகிறது. 30 படிகள் வைத்து 0.6 கொடுத்தால், முதல் 12 படிகளை விட்டுவிட்டு மீதி 18 மட்டும் ஓடும். எந்தப் பொருள் எங்கே, எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்பதெல்லாம் பெரும்பாலும் தொடக்கப் படிகளிலேயே முடிவாகிவிடும். கோடுகளும் நுணுக்கங்களும் பிறகுதான் வரும். அளவைக் குறைத்தால் அமைப்பு அப்படியே நிற்பது இதனால்தான். சில கருவிகளில் இது தலைகீழ், எண் கூடினால் மாதிரிப் படத்தின் பிடி கூடும். அதனால் முதலில் மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிக எண்ணையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இரைச்சல் எப்படி விழும் என்பதைத் தீர்மானிக்கும் seed எண்ணை மாற்றாமல் நான்கு முறை ஓட்டினேன். 0.3-இல் அதே போட்டோ, ஓரங்கள் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தன. 0.85-இல் அருமையான செதுக்கு அச்சு வந்தது, ஆனால் பூனை தரையில், ஜன்னல்கள் இரண்டு. 0.5-இல் எல்லாம் இடத்தில் இருந்தும் பழுப்பு நிறம் போகவில்லை. 0.7-இல் நிறம் போனது, பூனை மெத்தையாகிவிட்டது!

மெத்தையானதற்குக் காரணம், மாடலுக்கு நான் எழுதிக் கொடுத்த ப்ராம்ப்ட். பாணியை மட்டும் எழுதியிருந்தேன். இரைச்சலில் மங்கிய உருவம் என்ன என்பதை ப்ராம்ப்ட்டை வைத்துத்தான் மாடல் ஊகிக்கும். ‘நாற்காலியில் சுருண்டு தூங்கும் பூனை, இடப்பக்கம் ஜன்னல்’ என்று சேர்த்ததும் 0.7-இலும் பூனை திரும்பி வந்தது. ஆனால் நாற்காலியின் கால்கள் வளைந்திருந்தன.

நிறத்துக்கு எண்ணோடு மல்லுக்கட்டி நிறைய நேரம் வீணாக்கினேன். அமைப்பைக் காப்பாற்றும் அதே இரைச்சல் அளவுதான் நிறத்தையும் வெளிச்சத்தையும் காப்பாற்றுகிறது. ஒன்றை மட்டும் விட்டுவிட அதற்குத் தெரியாது. அப்புறம் மாதிரிப் படத்திலேயே கை வைத்தேன். போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி, நடுச் சாம்பல் நிறங்கள் மறையும் அளவுக்குக் கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, திரும்பவும் 0.5-இல் கொடுத்தேன். பூனையின் முதுகு வளைவில் உளி இழுத்தது போல வெள்ளைக் கீறல்கள் விழுந்தன. நாற்காலிக் கால்கள் நேராகவே இருந்தன.

பகல் காட்சியை இரவாக்கச் சொன்னாலும் இதே வழிதான், முதலில் படத்தை இருட்டாக்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் வரும் திசையே மாற வேண்டும் என்றால் இது போதாது. அங்கே படத்திலிருந்து ஓரக்கோடுகளையோ ஆழத்தையோ மட்டும் எடுத்துக்கொள்ளும் கன்ட்ரோல்நெட் என்ற துணை மாடல்தான் சரி.