எதிரெதிரே இரண்டு இளநீர்க் கடை

கொழிஞ்சாம்பாறை சாலையில் எதிரெதிரே இரண்டு இளநீர்க் கடை. விலை மெல்ல ஏறிச் சட்டென்று விழும் என்றுதான் நினைத்திருந்தேன், இங்கே தலைகீழ்.

50 ரூபாயில் தொடங்கும். ஒருவர் 48 ஆக்கினால் காயொன்றுக்கு நஷ்டம் இரண்டே ரூபாய், கூட்டமோ முழுக்க அவர் பக்கம். உடனே எதிர்க்கடையில் 46. இப்படியே அடக்கவிலை 30 வரை இறங்கும். அதற்குக் கீழே விற்றால் கைக்காசு போகும்.

அப்புறம்தான் வேடிக்கை. யார் முதலில் ஏற்றுவது? ஏற்றியவர் அன்று ஈ ஓட்ட வேண்டும். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒருவர் ஒரே தாவலில் 50 போட்டார். எதிர்க்கடை அண்ணன் சிரித்துக்கொண்டே 48 எழுதினார்.

பொருளாதாரத்தில் இதற்கு எட்ஜ்வொர்த் சுழற்சி என்று பெயர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரப் பெட்ரோல் பங்குகளிலும் இதே கதைதான்.

நான் 32 வந்ததும் குடிப்பேன்.